தேய்ப்பு, சிமென்ட், ஸ்ப்ரே பெயின்ட்: வீட்டு வேலைக்கு எந்த மாஸ்க், எந்த ஃபில்டர்?

ஹார்டுவேர் கடையில் போய் "நல்ல மாஸ்க்கா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு என்95 கையில் வரும். பட்டி தேய்க்க அது போதும். அதையே மாட்டிக்கொண்டு தின்னர் கலந்த பெயின்டை ஸ்ப்ரே செய்தால் நாற்றம் தடையில்லாமல் உள்ளே வரும். உடனே பலர் ஒன்றின் மேல் இன்னொன்றாக இரண்டு மாஸ்க் போடுகிறார்கள். மூச்சு முட்டுமே தவிர நாற்றம் நிற்காது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வேலையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பழைய வீட்டில் ஓர் அறையைப் புதுப்பிக்கிறோம். சுவிட்ச் பெட்டி இடம் மாறுவதால் சுவரில் காடி வெட்ட வேண்டும், சிமென்ட் கலந்து அடைக்க வேண்டும், பட்டி போட்டுத் தேய்க்க வேண்டும், பல அடுக்கு பெயின்ட் ஏறிய மர ஜன்னலைச் சுரண்ட வேண்டும், கடைசியில் இரும்பு கிரில்லுக்கு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். ஒரே மாஸ்க்கை ஒரே ஃபில்டரோடு இத்தனைக்கும் போட முடியாது. ஆனால் வேலைக்கு ஒரு மாஸ்க் என்று வாங்கிக் குவிக்கவும் தேவையில்லை.

## 1. காற்றில் என்ன மிதக்கப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மாஸ்க்கைப் பார்க்கும் முன் வேலையைப் பாருங்கள். மூச்சோடு உள்ளே போவது மூன்றில் ஒன்றாக இருக்கும்: தூசி, துளிப்படலம், ஆவி.

தூசி என்பது திடத் துகள். தேய்ப்பு, வெட்டு, சிமென்ட் மூட்டை கொட்டுவது எல்லாம் இதில் சேரும். துளிப்படலம் என்பது ஸ்ப்ரே கன்னிலிருந்து பறக்கும் பெயின்டின் நுண்துளிகள். இதுவும் துகள்தான், ஈரமான துகள். இந்த இரண்டையும் பஞ்சு போன்ற துகள் ஃபில்டர் பிடித்துவிடும்.

ஆவி வேறு சமாசாரம். தின்னர் ஆவியாகும்போது அது தனித்தனி மூலக்கூறுகளாகக் காற்றில் கலந்துவிடுகிறது. துகள் ஃபில்டர் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், மூச்சுக்காற்று நுழையும் வழியில் அதுவும் நுழையும். அதைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் நிரப்பிய கார்ட்ரிட்ஜ்தான் வேண்டும். அந்தக் கார்ட்ரிட்ஜ் தனியாகத் துகளைப் பிடிக்காது. அதனால் ஸ்ப்ரே வேலைக்கு இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

95, 99 என்று போட்டிருக்கும் எண்கள் எல்லாம் துகளைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. எண் கூடினால் நாற்றமும் கூடுதலாக நிற்கும் என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

## 2. மாஸ்க்கின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்

அட்டைப்பெட்டியில் இருக்கும் விளம்பர வாசகத்தை விடுங்கள். மாஸ்க்கின் மேலேயே அச்சாகியிருக்கும் வரிதான் முக்கியம். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
IS 9473  FFP2
EN 149:2001+A1:2009  FFP2 NR D
NIOSH  N95  TC-84A-xxxx
```

முதல் வரி இந்தியத் தரநிலை, இரண்டாவது ஐரோப்பியத் தரநிலை. இரண்டிலும் எஃப்எஃப்பி1, 2, 3 என்று மூன்று படிகள் உண்டு. ஐரோப்பியக் கணக்கில் முதல் படியின் ஃபில்டர் குறைந்தது 80 சதவீதத் துகளைப் பிடிக்க வேண்டும், இரண்டாம் படி 94, மூன்றாம் படி 99.

பின்னால் வரும் என்ஆர் என்றால் ஒரு வேலைநாளுக்கு மேல் போடக் கூடாது என்று பொருள். டி என்ற எழுத்து இருந்தால், டோலமைட் தூளைக் கொண்டு அடைப்புச் சோதனை செய்து தேறியது என்று பொருள். வால் பட்டியில் டோலமைட் போன்ற வெள்ளைக்கல் தூள்தான் பெரும்பகுதி. எனவே பட்டி தேய்க்கப் போகிறவர்கள் டி எழுத்து உள்ளதைத் தேடி வாங்கலாம். சீக்கிரம் அடைத்துக்கொள்ளாது.

மூன்றாவது வரி அமெரிக்க முறை. எண் சதவீதத்தைச் சொல்கிறது. 100 என்றால் 99.97. எழுத்து எண்ணெயைப் பற்றியது. என் வகை எண்ணெய்த் துளியைத் தாங்காது, ஆர் வகை ஓரளவு தாங்கும், பி வகை நன்றாகத் தாங்கும். சுவர்த் தூசிக்கு என் போதும். எனாமல் பெயின்டில் எண்ணெய் சார்ந்த பிசின் இருப்பதால், ஸ்ப்ரேக்கு ஆர் அல்லது பி என்று பாருங்கள்.

போலிகள் நிறைய உலவுகின்றன. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதோடு உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அமெரிக்க அங்கீகாரம் பெற்றதாகச் சொல்லும் மாஸ்க்கில் காதில் மாட்டும் வளையம் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த அங்கீகாரம் பெற்றவற்றில் தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டைகள்தான் இருக்கும்.

கொரோனா காலத்தில் மிஞ்சிய கேஎன்95 வீட்டில் கிடந்தால், அதன் பஞ்சு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் காது வளையம் முகத்தோடு இறுக்கிப் பிடிக்காது. அது ஏன் பெரிய குறை என்பதை அடுத்த படி சொல்லும்.

## 3. முகத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கில் எடுங்கள்

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். நீங்கள் இழுக்கும் காற்று 100 பங்கு. மாஸ்க் மூக்கருகே தூக்கிக்கொண்டு நிற்பதால் 20 பங்கு அந்த இடைவெளி வழியாகவே நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 80 பங்கு ஃபில்டர் வழியாக வருகிறது. என்95 அதில் அதிகபட்சம் 5 சதவீதத் தூசியை விடும், அதாவது 4 பங்கு. மொத்தம் 24 பங்குத் தூசி உள்ளே போகிறது.

சரி, அதே மாதிரி தொளதொளவென்று பி100 போட்டால்? ஃபில்டர் வழியாக ஏறக்குறைய ஒன்றும் வராது. ஆனால் இடைவெளியின் 20 அப்படியே இருக்கும். நல்ல காசு கொடுத்து வாங்கியதற்கு 24 என்பது 20 ஆகியது, அவ்வளவுதான். மாறாக என்95ஐயே ஒழுங்காகப் பொருத்தி இடைவெளியை 2 பங்குக்குக் கொண்டுவந்தால், உள்ளே போவது சுமார் 7தான்.

உண்மையில் தேய்ப்புத் தூசிக்கு நிலைமை இன்னும் தெளிவு. 95 சதவீதம் என்பது, பிடிக்கக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகளை வைத்துச் சோதித்த எண். உப்புத்தாளிலிருந்து வரும் தூசியில் பெரும்பகுதி அதைவிடப் பெரியது. ஃபில்டர் அதைச் சுலபமாகப் பிடித்துவிடும். வேலை முடிந்து மாஸ்க்கைக் கழற்றும்போது மூக்கோரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால், தூசி வந்த வழி அதுதான்.

மாட்டும் முறை இது. மாஸ்க்கை முகவாயில் வைத்து மேலே தூக்குங்கள். மேல் பட்டை தலையின் பின்பக்கம் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தின் பின்னால். இரண்டையும் கழுத்திலேயே போட்டால் மேல் விளிம்பு தளர்ந்துவிடும். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்தி வளையுங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இரு பக்கமும் ஓட்டை விழும்.

பிறகு சோதனை. வால்வு இல்லாத மாஸ்க் என்றால் இரு கையாலும் மூடி வேகமாக மூச்சை விடுங்கள். விளிம்பில் எங்காவது காற்று அடிக்கிறதா என்று பாருங்கள். வால்வு இருந்தால் வேகமாக உள்ளே இழுங்கள். மாஸ்க் லேசாக ஒடுங்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னும் எளிது: கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்கோரம் திறந்திருக்கிறது.

தாடி இருந்தால் இந்தச் சோதனை தேறாது. இரண்டு நாள் முள்தாடியே போதும், விளிம்பைத் தூக்கிவிட. மழிக்க முடியாதவர்களுக்கு மோட்டார் காற்றூதித் தலையில் மாட்டும் மூடாக்கு வகை உண்டு, விலை அதிகம். அதை வாங்குவதைவிடத் தூசி பறக்கும் அந்த ஒரு நாள் வேலையை வேறு ஒருவரிடம் ஒப்படைப்பது சிக்கனம்.

## 4. ஒரே முகப்பகுதி, இரண்டு ஜோடி ஃபில்டர் வாங்குங்கள்

நம் அறைக்கு நான் வாங்கச் சொல்வது, மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் அல்லது சிலிக்கான் அரைமுக ரெஸ்பிரேட்டர் ஒன்று. இருபுறமும் ஃபில்டரைத் திருகி மாட்டலாம். விளிம்பு மெத்தென்று முகத்தில் ஒட்டுவதால் இடைவெளிப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. கடையில் மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அதோடு தூசிக்கு ஒரு ஜோடி பி100 அல்லது ஐரோப்பிய முறையில் பி3 ஃபில்டர். ஸ்ப்ரேக்கு ஒரு ஜோடி கரிம ஆவிக் கார்ட்ரிட்ஜ், அதன் முன்னால் வைக்கும் துகள் ஃபில்டர், அதைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் மூடி. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் அமெரிக்க முறையில் கறுப்புப் பட்டையோடும், ஐரோப்பிய முறையில் ஏ என்ற எழுத்தோடு பழுப்புப் பட்டையோடும் வரும். ஏ1ஐவிட ஏ2 அதிக ஆவியைத் தாங்கும். ஏ2பி3 என்று ஒட்டியே எழுதியிருந்தால் ஆவிக்கும் துகளுக்கும் அதுவே போதும்.

ஒரு நிறுவனத்தின் ஃபில்டர் இன்னொரு நிறுவனத்தின் முகப்பகுதியில் பெரும்பாலும் சேராது. முகப்பகுதியை இன்று வாங்கிக்கொண்டு, ஃபில்டரைப் பிறகு இணையத்தில் மலிவாகப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கூட வேலை செய்பவருக்கும், கலவை எடுத்துக் கொடுப்பவருக்கும் எஃப்எஃப்பி2 மாஸ்க் ஒரு பெட்டி. வெயில் காலத்தில் வால்வு வைத்தது வாங்குங்கள். வால்வு வெளிமூச்சை மட்டுமே விடுவதால் தூசிப் பாதுகாப்பு குறையாது. உள்ளே வியர்வை குறையும். வியர்த்தால் கழற்றி மோவாயில் தொங்கவிடுவார்கள், அப்புறம் எந்த ஃபில்டரும் பயனில்லை.

முகப்பகுதியையும் ஒவ்வொரு முறை மாட்டியதும் சோதிக்க வேண்டும். இரு ஃபில்டரையும் உள்ளங்கையால் அடைத்து மெதுவாக மூச்சிழுத்துச் சில விநாடி நிறுத்துங்கள். ரப்பர் முகத்தோடு உறிஞ்சிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். தளர்ந்தால் பட்டையைச் சரிசெய்து மறுபடி பாருங்கள்.

## 5. காடி வெட்டும் நாள்: உச்சப் பாதுகாப்பு இங்கேதான்

தூசி வேலைகளில் மோசமானது எது என்று கேட்டால் பலர் சிமென்ட் மூட்டையைக் காட்டுவார்கள். எனக்குப் பயம் கிரைண்டரைப் பார்த்துத்தான்.

காரணம் இது. மூட்டையில் இருக்கும் சிமென்ட்டில் படிக சிலிக்கா மிகக் குறைவு. ஆனால் கலவையில் சேரும் மணலிலும் எம் சாண்டிலும், சுவரின் செங்கல்லிலும், கிரானைட்டிலும், பல டைல்களிலும் அது நிறைய இருக்கிறது. சும்மா கிடக்கும் மணலின் துகள் பெரியது, மூக்கோடு நின்றுவிடும். அதையே கிரைண்டர் பிளேடு அரைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்தூளாகி நுரையீரலின் அடிவரை போகிறது. நாள்பட்டால் வரும் சிலிகோசிஸ் குணமாகாத நோய். அமெரிக்காவில் 2016இல் வந்த பணியிட விதி, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் கூடாது என்கிறது. ஒரு கிராமின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அது. மூடிய அறையில் உலர்வெட்டு போட்டால் எதிர்ச்சுவரே தெரியாமல் போகிறதே, அங்கே இந்த வரம்பு எம்மாத்திரம்.

எனவே முதலில் தூசியைக் குறையுங்கள், அதன் பிறகு மாஸ்க். காடி இரண்டு மூன்று அடி நீளம்தான் என்றால் கிரைண்டரே வேண்டாம்; உளியும் சுத்தியலும் போதும். நேரம் பிடிக்கும், கை வலிக்கும், ஆனால் துண்டு துண்டாக உதிருமே தவிர புகையாகப் பறக்காது. நீளமான காடி என்றால் பிளேடைச் சுற்றி உறை வைத்து வேக்குவம் இணைக்கும் சுவர் வெட்டி வாடகைக்குக் கிடைக்கிறதா பாருங்கள். டைலை வெளியே வைத்து, தண்ணீர் விட்டு வெட்டும் மெஷினில் வெட்டுங்கள். சாதாரண ஆங்கிள் கிரைண்டரின் மேல் ஆளை நிறுத்தித் தண்ணீர் ஊற்றச் சொல்வது மின்சாரத்தோடு விளையாட்டு. தண்ணீருக்கென்று செய்த மெஷின், இணைப்பில் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் இஎல்சிபி, இரண்டும் இருந்தால் மட்டும் ஈரவெட்டு.

இவ்வளவும் செய்தபின் முகத்தில் பி100 அல்லது பி3 போட்ட அரைமுக ரெஸ்பிரேட்டர். அருகில் இருப்பவருக்கு எஃப்எஃப்பி3 இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் அவரை அறைக்கு வெளியே அனுப்புங்கள். அரைமுக மாஸ்க் நன்றாகப் பொருந்தினால் உள்ளே போகும் தூசியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்றுதான் பாதுகாப்பு விதிகள் கணக்கு வைக்கின்றன. காற்றில் வரம்பைப் போல் ஐம்பது மடங்கு தூசி இருந்தால் மாஸ்க்குக்குள்ளும் ஐந்து மடங்கு இருக்கும். தூசியைக் குறைக்காமல் மாஸ்க்கை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

மெஷினை நிறுத்தியதும் மாஸ்க்கைக் கழற்றுவது அடுத்த தவறு. கனமான தூசி படிந்து அறை தெளிவாகத் தெரியும் நேரத்திலும் நுண்தூள் மிதந்துகொண்டே இருக்கும். மாஸ்க்கோடு வெளியே வந்து, அங்கே கழற்றுங்கள். திரும்பிப் போய்ப் பெருக்கும்போதும் மாஸ்க் வேண்டும். விளக்குமாற்றை எடுக்கும் முன் தண்ணீர் தெளித்துவிடுங்கள். சாதாரண வீட்டு வேக்குவம் நுண்தூளைப் பின்பக்கம் வழியாக அறைக்கே திருப்பி ஊதும்.

## 6. கலவை போடும்போது: எஃப்எஃப்பி2 போதும், தோலைக் கவனியுங்கள்

உலர்ந்த சிமென்ட் சிலிக்காவால் அல்ல, காரத்தால் துன்பம் தருகிறது. ஈரம் பட்டதும் அது சுண்ணாம்பைப் போல எரிக்கும். மூக்குச் சவ்வும் தொண்டையும் ஈரம்தானே.

தூசி எழுவது மூட்டையைக் கிழித்துக் கொட்டி, மணலோடு உலர்வாகப் புரட்டும் சில நிமிடங்கள். எனவே மூட்டையைக் கிழிக்கும் முன்பே எஃப்எஃப்பி2 அல்லது என்95 முகத்தில் இருக்க வேண்டும். மூட்டையை உயரத்திலிருந்து கவிழ்க்காமல் தரையோடு சாய்த்துக் கொட்டினால் தூசி பாதியாகும். காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். தண்ணீர் ஊற்றிக் கலவை ஈரமானதும் மூச்சுக்கான ஆபத்து தீர்ந்தது; பூசும்போது மாஸ்க் கட்டாயமில்லை. அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது கையுறையும் கண்ணும்.

மாஸ்க்கின் விளிம்பில் சிமென்ட் தூளும் வியர்வையும் சேர்ந்தால் கன்னத்தில் வரிவரியாகப் புண்ணாகும். அந்த மாஸ்க்கைத் தட்டிவிட்டு மறுநாள் போடாதீர்கள்.

## 7. தேய்ப்பு: புதுப் பட்டிக்கு ஒன்று, பழைய பெயின்டுக்கு வேறு

புதிதாகப் போட்ட பட்டியைத் தேய்ப்பதற்கு எஃப்எஃப்பி2 சரியான தேர்வு. அறை முழுவதும், அதுவும் கூரையோடு சேர்த்துத் தேய்ப்பதென்றால் அரைமுக ரெஸ்பிரேட்டரையே பி100ஓடு போட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்பு ஒரு காரணம். தலையை அண்ணாந்து வேலை செய்யும்போது காகித மாஸ்க் நழுவுவது இன்னொரு காரணம். அண்ணாந்தால் கண்ணில் கொட்டும், மூடிய கண்ணாடியும் வேண்டும்.

மரத்தூசியை லேசாக எடுக்காதீர்கள். தேக்கு போன்ற கடின மரங்களின் தூசி புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப்பட்டது. பிளைவுட், எம்டிஎஃப் பலகைகளில் பசையும் சேர்ந்து பறக்கும். கையால் நாலு இழுப்பு என்றால் எஃப்எஃப்பி2. சாண்டர் மெஷின் ஓட்டினால் பி100.

பழைய ஜன்னலுக்கு வருவோம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

இதில் வரிசை முக்கியம். உலர்வாக மெஷின் போடாதீர்கள். ப்ளோ லாம்ப் வைத்துச் சுட்டு உரிக்கும் பழைய முறையும் வேண்டாம். அந்தச் சூட்டில் ஈயம் புகையாகிறது. தரையில் பிளாஸ்டிக் விரியுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு வாட்டர்ப்ரூஃப் தாளை எடுத்து, ஈரத்திலேயே தேய்த்து, சேற்றைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரமாகத்தான் தேய்க்கிறோமே என்று மாஸ்க்கை விடக் கூடாது. மூலைமுடுக்கில் சுரண்டும்போது உலர்ந்த செதில் உதிரும். இங்கே பி100 அல்லது எஃப்எஃப்பி3.

ஈயத் தூசி மூச்சைவிடக் கை வழியாகக் குழந்தைகளின் வாய்க்குப் போவதுதான் அதிகம். வேலை முடியும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வேலை உடுப்பை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். சாப்பிடும் முன் கையோடு முகத்தையும் கழுவுங்கள், மாஸ்க் விளிம்பு பதிந்த இடம் உட்பட.

## 8. ஸ்ப்ரே: முதலில் டின்னைப் படியுங்கள்

கிரில்லைக் கழற்ற முடிந்தால் மொட்டைமாடிக்கு எடுத்துப் போங்கள். திறந்த வெளியில் ஆவி தங்காது. கார்ட்ரிட்ஜ் நீண்ட நேரம் தாங்கும். அறைக்குள்தான் என்றால் ஜன்னலைத் திறந்து, மின்விசிறி காற்றை வெளியே தள்ளும்படி வையுங்கள், நீங்கள் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். தின்னர் ஆவி தீப்பற்றும் என்பதால் விசிறியின் மோட்டார் அந்த ஆவிப் பாதையில் இருக்கக் கூடாது. பக்கத்தில் கேஸ் அடுப்போ சிகரெட்டோ கூடாது.

தின்னர் கலக்கும் சாதாரண எனாமல், கேனில் வரும் ஸ்ப்ரே பெயின்ட் ஆகியவற்றுக்கு அரைமுக ரெஸ்பிரேட்டரில் கரிம ஆவிக் கார்ட்ரிட்ஜும் முன் ஃபில்டரும். முன் ஃபில்டர் இல்லாமல் அடித்தால் பெயின்ட் துளிகள் கார்பனின் முகத்தில் படிந்து அடைத்துவிடும். தண்ணீரில் கலக்கும் எமல்ஷனை ஸ்ப்ரே செய்தால் ஆவி குறைவு, துளிதான் அதிகம். அதற்குப் பி95 போன்ற துகள் ஃபில்டரே பெரும்பாலும் போதும்; நாற்றம் தொல்லை தந்தால் கார்ட்ரிட்ஜுக்கு மாறலாம்.

மாஸ்க்கைத் தின்னர் டின்னைத் திறக்கும் முன் மாட்டுங்கள். பலர் பெயின்டைக் கலந்துவிட்டு, கன்னை நிரப்பிவிட்டு, அடிக்கத் தொடங்கும்போதுதான் மாட்டுகிறார்கள். ஆவி கடுமையாக இருப்பது கலக்கும்போதும், வேலை முடிந்து கன்னைக் கழுவும்போதும்.

இந்த மாஸ்க் போதாத இடங்கள் உண்டு. பேஸ் ஒன்று, ஹார்ட்னர் ஒன்று என்று இரண்டு டின்னாக வரும் பியூ பெயின்டும் பாலிஷும் அதில் முதலாவது. ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தூண்டும். ஒரு முறை உடல் ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சிரைக்கும். அதைவிடச் சங்கடம், ஆபத்தான அளவிலும் அதன் வாசனை தெரியாது. கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதை மூக்கு சொல்லாது. பட்டறைகளில் வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று தரும் மூடாக்கோடு இதை அடிக்கிறார்கள். வீட்டில் அந்த வசதி கிடையாது, எனவே வீட்டில் இதை ஸ்ப்ரே செய்யாதீர்கள். ஒற்றை டின் பூச்சுக்கு மாறுங்கள், அல்லது கதவைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

அடுத்தது, மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் ரிமூவர். மிகக் குறைந்த சூட்டில் ஆவியாகும் அதைச் சாதாரணக் கார்பன் பிடித்து வைக்காது, சீக்கிரமே ஊடுருவிவிடும். மூன்றாவது, தண்ணீர்த் தொட்டியின் உட்புறம், சம்ப் போன்ற அடைபட்ட இடங்கள். ஃபில்டர் மாஸ்க் எதுவும் ஆக்ஸிஜனை உண்டாக்காது. இருக்கும் காற்றை வடிகட்டும், அவ்வளவே. அங்கே மாஸ்க்கை நம்பி இறங்காதீர்கள்.

## 9. எப்போது மாற்றுவது, எங்கே வைப்பது

தூசி ஃபில்டர் கெடுவதில்லை, அடைபடுகிறது. அடைபட அடைபட வடிகட்டுவது குறையாது, மூச்சிழுப்பதுதான் கனமாகும். கனமாகத் தோன்றியதும் மாற்றுங்கள். இழுக்கச் சிரமமான ஃபில்டர் காற்றை விளிம்பு வழியாகத் தேட வைக்கும்.

தட்டி, ஊதி, கழுவி மறுபடி போடுவது வேண்டாம். இந்தப் பஞ்சில் மின்னேற்றம் ஏற்றியிருக்கிறார்கள், நுண்துகளை ஈர்த்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதனுடையது. சோப்புத் தண்ணீரோ சானிடைசரோ பட்டால் அது போய்விடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், வேலை செய்யாது.

கார்ட்ரிட்ஜ் இதற்கு நேர்மாறு. மூச்சு எளிதாகவே இருக்கும், ஆனால் கார்பன் நிறைந்துவிட்டிருக்கும். மாஸ்க்குக்குள் தின்னர் வாசனையோ வாயில் அதன் சுவையோ தெரிந்தால் உடனே வெளியே வாருங்கள். முதலில் பொருத்தத்தைச் சோதியுங்கள். பொருத்தம் சரியென்றால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது. மூக்குக்கு வாசனை பழகிப்போகும் என்பதால் இதைக் கடைசி எச்சரிக்கையாக வைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்கூட்டியே மாற்றுவது நல்லது.

உறையைப் பிரித்த நிமிடத்திலிருந்தே கார்பன் காற்றில் இருப்பதை உறிஞ்சத் தொடங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரமும் ஏறிக்கொண்டு அதன் கொள்ளளவைக் குறைக்கும். அதனால்தான் நம் அறையின் வேலை வரிசையில், காடியிலிருந்து தேய்ப்புவரை எல்லாம் முடிந்து, ஸ்ப்ரே அடிக்கும் அன்று காலையில்தான் கார்ட்ரிட்ஜ் உறையைப் பிரிக்கச் சொல்வேன். இடையில் நிறுத்தினால் ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிப் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து எடுக்கும்போது, பையில் வைத்தேனே என்று நம்பாமல் புதிது போடுங்கள். பிரிக்காத உறையிலும் காலாவதி நாள் அச்சிட்டிருக்கும், வாங்கும்போதே பாருங்கள்.

முகப்பகுதியை ஃபில்டர் கழற்றிவிட்டு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தின்னரால் துடைத்தால் ரப்பர் விறைத்துப்போகும். உலர்ந்ததும் உள்ளே இருக்கும் மெல்லிய வால்வுத் தகடுகளைப் பாருங்கள். வெளிமூச்சு வால்வில் ஒரு துணுக்கு பட்டியோ காய்ந்த பெயின்டோ ஒட்டியிருந்தால் அது மூடாது, அந்த வழியாகத் தூசி ஃபில்டரைத் தொடாமலே உள்ளே வரும். ஈயப் பெயின்ட் தேய்த்த ஃபில்டரைத் தரையில் விரித்த பிளாஸ்டிக்கோடு சேர்த்துச் சுருட்டி, பையில் கட்டிப் போடுங்கள். முகப்பகுதியை வேலை நடக்கும் அறையின் ஆணியில் மாட்டி வைக்காதீர்கள். மறுநாள் மாட்டும்போது அதன் உட்புறத்தில்தான் நேற்றைய தூசி படிந்திருக்கும்.